லாஸ்ட் பீஸ் அக்கா: சாட்ல ஒரு உறவுமுறை என்ன வேலை பாக்குது

வாட்ஸப்ல புடவை விக்கிற குரூப் ஏதாவது ஒண்ணுல இருந்தீங்கன்னா கீழ இருக்குற பேச்சு உங்களுக்கு பழகினதாத்தான் இருக்கும். இது யாரோ ஒருத்தரோட சாட் இல்ல, பல குரூப்ல பாத்த பேச்சை கோர்த்து நானே எழுதினது. ஆனா வரிசையை மட்டும் மாத்தல, ஏன்னா விஷயமே அந்த வரிசையிலதான் இருக்கு.

– இந்த பச்சை சாஃப்ட் சில்க் என்ன ரேட்?
– வணக்கம் மேம், 1450, ஷிப்பிங் தனி
– ப்ளவுஸ் வருமா
– ரன்னிங் ப்ளவுஸ் இருக்கு சிஸ்
– ஃபோட்டோல இருக்குற கலர் அப்படியே இருக்குமா
– கண்டிப்பா அக்கா, ஃபில்டர் எதுவும் போடல, நானே வெளிச்சத்துல வச்சு எடுத்ததுக்கா
– சரி, யோசிச்சு சொல்றேன்
– அக்கா லாஸ்ட் பீஸ்க்கா, இன்னொரு அக்கா காலைலேந்து கேட்டுட்டே இருக்காங்க, உங்களுக்காகத்தான் எடுத்து வச்சிருக்கேன், ஜிபே பண்ணிட்டீங்கன்னா புக் பண்ணிடுறேன்க்கா

நாலே நாலு பதில்ல மேம், சிஸ், அக்கா, அப்புறம் ஒரே மெசேஜ்ல முன்னாடி ஒரு அக்கா பின்னாடி ரெண்டு க்கா. விலை சொல்றப்ப மேம். சாதாரண தகவல் கேட்டா சிஸ். கலர் மேல சந்தேகம் வந்த உடனே அக்கா. யோசிக்கிறேன்னு சொன்னதும் அக்கா மேல அக்கா. வாங்குறவங்க ஒவ்வொரு அடி பின்னாடி வைக்க வைக்க விக்கிறவங்க ஒவ்வொரு அடி கிட்ட வர்றாங்க. விக்கிற அந்தப் பொண்ணு இதெல்லாம் கணக்குப் போட்டு பண்ணுதுன்னு நான் சொல்ல வரல, தமிழ் பேசி வளந்த யாருக்கும் இது தானா வர்றதுதான், நம்ம எல்லாரும் வீட்டு ஓனர்கிட்டயும் தாலுக்கா ஆபீஸ்லயும் இதையேதான் பண்றோம். ஆனா தானா வருதுங்குறதுக்காக அது வேலை பாக்கலன்னு ஆயிடாது.

ஏன் அக்கா? தங்கச்சின்னு ஏன் கூப்பிடல? வாங்குறவங்களுக்கு 23 வயசு, விக்கிறவங்களுக்கு 38 வயசுன்னு இருந்தாலும் அக்காதான் வரும், கவனிச்சுப் பாருங்க. மரியாதைக்காகன்னு சட்டுனு சொல்லிடலாம், அது பாதிதான். நம்ம வீட்ல அக்கான்னா யாரு? விட்டுக்குடுக்குற ஆள். தம்பி தங்கச்சிக்கு ஒண்ணுன்னா தன் கைக்காசைப் போட்டு சமாளிக்கிற ஆள். அண்ணனும் அப்படித்தான். மூத்தவங்கன்னு ஒருத்தரை கூப்பிட்ட உடனே கொடுக்க வேண்டிய இடத்துல அவங்களை உக்கார வச்சாச்சு, வாங்கிக்குற இடத்துல நாம உக்காந்தாச்சு. தங்கச்சின்னு கூப்பிட்டா கதை உல்டா ஆயிடும், விக்கிறவங்க அக்கா ஆயிடுவாங்க, அப்ப 1450ல இருந்து ஒரு நூறு ரூபா கொறைக்க வேண்டியது யாரு? அதனாலதான் கடைக்காரங்க வாயில வாடிக்கையாளரைப் பாத்து தங்கச்சிங்குற வார்த்தை அவ்வளவு சீக்கிரம் வர்றதில்ல.

வாங்குறவங்களும் சும்மா இல்ல, அவங்க பதிலையும் பாருங்க: அக்கா கொஞ்சம் பாத்து சொல்லுங்கக்கா, ரெண்டு எடுத்துக்குறேன். இப்ப ரெண்டு பேருமே ஒருத்தரை ஒருத்தர் அக்கான்னு கூப்பிட்டுட்டு இருக்காங்க. கூடப்பிறந்த ரெண்டு பேர்ல ரெண்டு பேருமே மூத்தவங்களா இருக்க முடியாது. இங்க வயசைப் பத்தி யாரும் பேசல, விட்டுக்குடுக்க வேண்டியது நீதான்னு ரெண்டு பேரும் மாத்தி மாத்தி சொல்லிக்கிறாங்க. ஆர்டர் கன்ஃபர்ம் ஆகுற வரைக்கும் இந்த இழுபறி போகும், காசு போன ஸ்க்ரீன்ஷாட் வந்ததும் ரெண்டு பக்கமும் அக்கா கொறஞ்சு அட்ரஸ், பின்கோடு, தேங்க்யூன்னு பேச்சு வறண்டு போயிடும்.

நேர்ல பேசுறப்ப இவ்வளவு பாரம் இந்த ஒரு வார்த்தை மேல விழாது. கடையில சிரிப்பு இருக்கு, டீ வாங்கித் தர்றது இருக்கு, புடவையைப் பிரிச்சு மடியில போடுறது இருக்கு, குரல் இருக்கு. சாட்ல இது எதுவும் இல்ல, எழுத்து மட்டும்தான், அதனால உறவைக் காட்டுற மொத்த வேலையும் கூப்பிடுற சொல் மேலயும் வினைச்சொல்லோட வால் மேலயும் வந்து விழுது.

அந்த வால் முக்கியம், அதை விட்டுட்டு அண்ணா அக்கா மட்டும் பாத்தா பாதி தெரியாமப் போயிடும். அண்ணா வாங்க, அண்ணா வா, ரெண்டும் ஒரே அண்ணாதான். முதல்ல இருக்குறது ஊருக்குள்ள பாக்குற யாரோ ஒரு அண்ணன், ரெண்டாவது கூடப்பிறந்தவனோ அந்த அளவுக்குப் பழகினவனோ. சொல்லுங்கண்ணான்னு வந்துட்டு இருந்த ஒருத்தர்கிட்டேந்து ஒருநாள் சொல்லுண்ணான்னு வந்தா ஒண்ணு நெருக்கம் கூடியிருக்கு, இல்லன்னா மதிப்பு கொறஞ்சிருக்கு, எதுங்குறது அடுத்த வரியிலதான் தெரியும். சார் கூட ஒருமை பொதுவா ஒட்டாது, சார் வாங்கன்னு இருக்கு, சார் வான்னு எழுதினா அது நக்கல். அப்படிப் பாத்தா சாருக்கு உள்ள ஒரே ஒரு தூரம்தான், அண்ணா அக்காவுக்கு உள்ள ரெண்டு மூணு தூரம் வச்சுக்கலாம், அதனாலதான் விக்கிறவங்களுக்கு அது வசதி. யாழ்ப்பாணத்துப் பேச்சுல நீக்கும் நீங்களுக்கும் நடுவுல நீர்னு ஒண்ணு புழக்கத்துல இருக்கு, அவங்க சாட்ல வாரும், சொல்லும்னு ஒரு நடுப்படி கிடைக்குது, நம்ம பக்கம் பெரும்பாலான ஊர்ல அந்த வசதி இல்ல, ஒண்ணு இந்தப் பக்கம் இல்ல அந்தப் பக்கம்.

அந்த சொல்லை எங்க வைக்கிறாங்கங்குறதும் ஒரு கணக்கு. பேமென்ட் எப்ப வரும்ணா, இதுல கேள்வி முடிஞ்சப்புறம் ணா வருது, அது கேள்வியோட முனையை மழுக்குது. அண்ணா பேமென்ட் எப்ப வரும், இது கதவைத் தட்டிட்டு கேக்குறது. இன்னும் ஒண்ணு இருக்கு, வெறும் அண்ணா மட்டும் தனி மெசேஜா வரும், வேற எதுவும் இருக்காது. ப்ளூ டிக் விழுந்துடும், இப்ப நீங்க சொல்லுங்கன்னு பதில் போட்டே ஆகணும், என்ன கேக்கப்போறாங்கன்னு தெரியறதுக்கு முன்னாடியே கேக்குறதுக்கு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுது. எனக்குத் தெரிஞ்சு சாட்ல வர்ற அழுத்தத்துலயே சத்தமில்லாத அழுத்தம் இதுதான், சீட்டு சேக்குறவங்க, இன்ஷூரன்ஸ் காரங்க, கைமாத்து கேக்குறவங்க எல்லாரும் இந்த ஒத்தை அண்ணாவுலதான் ஆரம்பிக்கிறாங்க. முழு அண்ணா எங்க வேணா நிக்கும், சுருங்கின ணாவும் க்காவும் எதையாவது புடிச்சுக்கிட்டுத்தான் நிக்கும், சரிணா, வந்துட்டேன்க்கான்னு. அது பழகின பேச்சோட சாயல். முன்பின் தெரியாத ஒருத்தர் முதல் மெசேஜ்லயே சுருங்கின வடிவத்துல ஆரம்பிச்சா பல மாசப் பழக்கத்தை ஒரே எட்டுல தாண்டி வந்துட்டாங்கன்னு அர்த்தம்.

இதைப் பத்தி உலக அளவுல பேசின ஆராய்ச்சி ஒண்ணுக்கு நம்ம ஊர் வேர் இருக்கு, அது நெறைய பேருக்குத் தெரியாது. மரியாதைப் பேச்சு பத்தி பெனலோப் பிரவுன், ஸ்டீஃபன் லெவின்சன்னு ரெண்டு பேர் 1978ல ஒரு கோட்பாடு எழுதினாங்க, இன்னைக்கும் மொழியியல் படிக்கிறவங்க அதைத் தாண்டிப் போக முடியாது. அதுல லெவின்சன் கொண்டுவந்த உதாரணங்கள் கோயம்புத்தூர் மாவட்டத்து கிராமம் ஒண்ணுல அவர் சேகரிச்ச தமிழ்ப் பேச்சு. அவங்க சொல்றதை நம்ம பாஷையில சொன்னா, ஒவ்வொரு மனுஷனுக்கும் ரெண்டு ஆசை இருக்கு, என்னை யாரும் தொந்தரவு பண்ணக்கூடாதுங்குறது ஒண்ணு, என்னையும் உங்கள்ல ஒருத்தரா நினைக்கணும்ங்குறது இன்னொண்ணு. சார், மேடம் எல்லாம் முதல் ஆசைக்கு தீனி, உங்களை தொந்தரவு பண்றேன்னு எனக்குத் தெரியும்னு ஒத்துக்குறது. அண்ணா, அக்கா ரெண்டாவது ஆசைக்கு, நீங்களும் நானும் ஒண்ணுதானே, அப்புறம் என்ன தொந்தரவுன்னு கேக்குறது. ஆனா எனக்கு ஒரு விஷயத்துல தயக்கம் இருக்கு. தமிழ்ல அண்ணாங்குறது வெறும் நெருக்கம் மட்டும் இல்ல, அதுலயே மூத்தவர்ங்குற மரியாதையும் சேந்து வருது, ரெண்டு ஆசைக்கும் ஒரே வார்த்தையில சாப்பாடு போட்டுடுது. ப்ரோல அது இல்ல, ப்ரோ யாருக்கும் மூத்தவனும் இல்ல, இளையவனும் இல்ல, அதனாலதான் ப்ரோன்னு கூப்பிட்டு கடன் கேட்டா தர மாட்டேன் ப்ரோன்னு சொல்றது சுலபமா இருக்கு, அண்ணான்னு கேட்டா நாக்கு கொஞ்சம் புரள மாட்டேங்குது.

அண்ணா தூரத்தையும் உண்டாக்கும், அதுவும் அதே உறவுக்கணக்குலேந்துதான் வருது. நம்ம முறையில சொந்தம் ரெண்டு வகை, அண்ணன் தங்கச்சி முறை, மாமன் மச்சான் முறை. முதல் வகையில கல்யாணப் பேச்சுக்கே இடமில்ல, ரெண்டாவதுல உண்டு. அதனால ஒரு பொண்ணு தெரியாத ஆம்பளையோட இன்பாக்ஸ்ல அண்ணா இந்த பைக் இன்னும் இருக்கான்னு கேட்டா, பைக்கைப் பத்தி மட்டும் பேசுவோம்னு சொல்றதும் அதுலயே அடங்கிடுது. பல பொண்ணுங்க வயசு தெரியாமலே, ப்ரொஃபைல் ஃபோட்டோல இருக்குறவன் தன்னைவிட சின்னவன்னு தெரிஞ்சும்கூட அண்ணான்னுதான் ஆரம்பிக்கிறாங்க, அது பாசம் இல்ல, வேலி. எதிர்ப்பக்கம் இதைப் புரிஞ்சுக்காம பாசம்னு எடுத்துக்கிட்டு சொல்லு தங்கச்சின்னு ஒருமைக்கு எறங்குறவங்க உண்டு, அப்ப வேலி போட்டது யாருக்கோ அதிகாரம் கொடுத்தது மாதிரி ஆயிடும். ஏன்னா தங்கச்சின்னு சொன்னவனுக்கு புத்தி சொல்ற உரிமை, ராத்திரி ஏன் ஆன்லைன்ல இருக்கன்னு கேக்குற உரிமை எல்லாம் இலவச இணைப்பா வந்துடும். அதுக்குத்தான் சில பேர் இப்ப அண்ணாவும் வேணாம் ப்ரோவும் வேணாம்னு சார்னே ஆரம்பிச்சுடுறாங்க, பழைய பைக் விக்கிற காலேஜ் பையனுக்கு அது சிரிப்பா இருக்கும், இருந்துட்டுப் போகட்டும்.

இப்ப சாருக்கு வருவோம். சார்ல விக்கிறது வேற மாதிரி நடக்கும். மனை விக்கிறவங்க மெசேஜை எடுத்துக்கோங்க: சார் டிடிசிபி அப்ரூவ்டு பிளாட் சார், பஸ் ஸ்டாண்ட்லேந்து பத்து நிமிஷம் சார், உங்களுக்காக எம்டிகிட்ட பேசி கார்னர் பிளாட் ஹோல்டு பண்ணி வச்சிருக்கேன் சார், உங்க லெவலுக்கு இது பெரிய அமௌண்ட் இல்ல சார். இங்க யாரும் உங்களை சொந்தக்காரர் ஆக்கல, பெரிய மனுஷன் ஆக்கியிருக்காங்க. அக்கான்னு கூப்பிட்டவங்ககிட்ட இல்லைன்னு சொன்னா ஒரு பொண்ணை ஏமாத்தின மாதிரி மனசு உறுத்தும், சார்னு கூப்பிட்டவங்ககிட்ட இல்லைன்னா, நான் அவ்வளவு பெரிய ஆள் இல்லப்பான்னு நாமளே ஒத்துக்குற மாதிரி இருக்கும். முதல்ல அடிபடுறது இரக்கம், ரெண்டாவதுல அடிபடுறது கௌரவம். பொருளோட விலையும் இதுல ஒரு அளவுக்கு சம்பந்தப்படுது, ஆயிரம் ரெண்டாயிரம் பொருளுக்கு அக்கா அண்ணா ஓடும், லட்சக்கணக்குல போறப்ப சார் மேடம் வந்துடும். அஞ்சு லட்ச ரூபா மனையை ஒருத்தர் அண்ணா வாங்கிக்கோங்கண்ணான்னு விக்க ஆரம்பிச்சா, அவர் உங்க ஊர்க்காரரா இருக்கணும், இல்ல பத்திரத்தை ரெண்டு தடவை பாக்கணும்.

யாருக்கு அண்ணா, யாருக்கு சார்ங்குறதுல இன்னொரு கசப்பான கணக்கும் இருக்கு. ஏசி சர்வீஸ் பண்ண வர்றவருக்கு 45 வயசு, அவர் அண்ணா. அவர் கம்பெனியில ஏரியா மேனேஜருக்கு 30 வயசு, அவர் சார். ப்ளம்பர் அண்ணா, ஆட்டோ அண்ணா, தண்ணி கேன் அண்ணா, வீட்டு வேலைக்கு வர்ற அக்கா. இது அன்பாத்தான் சொல்றோம்னு நாம நினைச்சுக்குறோம், ஓரளவு உண்மைதான், டேய்னும் வாடான்னும் கூப்பிட்ட காலத்துக்கு இது எவ்வளவோ மேல். ஆனா சாட்டை எடுத்துப் படிச்சா அந்த அண்ணாவுக்குப் பின்னாடி என்ன வருதுன்னு தெரியும்: அண்ணா அப்படியே அந்த பாத்ரூம் டேப்பையும் ஒரு கை பாத்துடுங்கண்ணா. இந்த வரிக்கு தனி காசு இல்ல. சார்னு கூப்பிட்ட ஆளுகிட்ட அப்படியே இதையும்னு கேக்க நமக்கு வராது, எவ்வளவு ஆகும்னு கேப்போம். வெளியூர் கஸ்டமர்ங்க அவரை சார்னு கூப்பிட்டா அவருக்கே கூச்சமா இருக்கும், ஆனா பில் ஒழுங்கா கைக்கு வரும். லெவின்சன் பாத்த கிராமத்துலயும் யார் யாரை உறவுமுறை சொல்லிக் கூப்பிடலாம், யார் கூப்பிடக் கூடாதுங்குறது ஜாதியை ஒட்டித்தான் இருந்துச்சு, நகரத்து சாட்ல ஜாதி அப்படி நேரா தெரியாது, அந்த இடத்துல வேலையும் சம்பளமும் உக்காந்திருக்கு. பாலக்காடு மாவட்டத்துல மாத்தூர்னு ஒரு பஞ்சாயத்து 2021ல ஆபீஸ் உள்ள சார், மேடம் வேணாம்னு தீர்மானம் போட்டாங்க, பேரையோ பதவியையோ சொன்னா போதும்னு. அதிகாரி பக்கத்துலேந்து சாரை எடுக்குறது நல்ல ஆரம்பம்தான், ஆனா சார் போயிட்டா அந்த இடத்துக்கு அண்ணா வந்தா எனக்கு அது முன்னேற்றமா படல, அண்ணாகிட்ட ஃபைல் ஏன் லேட்டுன்னு எப்படி கேக்குறது?

திரும்ப நம்ம பச்சைப் புடவைக்கு வரலாம், அந்தம்மா காசு போட்டாங்க, நாலு நாள்ல பார்சல் வந்துச்சு, பிரிச்சுப் பாத்தா பச்சை இல்ல, கிளிப்பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவுல ஏதோ ஒண்ணு.

– அக்கா கலர் வேற வந்திருக்கு
– அப்படியாக்கா? ஃபோட்டோ போடுங்கக்கா
– (ஃபோட்டோ)
– லைட்டிங் டிஃபரன்ஸ்க்கா, நேர்ல கட்டினா சூப்பரா இருக்கும்
– இல்லக்கா இது வேணாம், ரிட்டர்ன் எடுத்துக்கோங்க
– மேடம் நம்ம குரூப் ரூல்ஸ்லயே போட்டிருக்கோம், நோ ரிட்டர்ன், நோ எக்ஸ்சேஞ்ச், டேமேஜுக்கு மட்டும் அன்பாக்ஸிங் வீடியோ இருந்தா பாக்கலாம் மேடம்

மேடம் திரும்பி வந்துட்டாங்க. அக்கான்னு கூப்பிட்டுட்டே ரூல்ஸ் பேச முடியாது, கூடப்பிறந்தவளுக்கு ரூல்ஸ் காட்டுவாங்களா, அதனால ரூல்ஸ் பேசுறதுக்கு முன்னாடி உறவை கழட்டி வைக்க வேண்டியிருக்கு. இதை கவனிக்க ஆரம்பிச்சா சாட் எங்க திரும்புதுன்னு ரூல்ஸ் வர்றதுக்கு ஒரு வார்த்தை முன்னாடியே தெரிஞ்சுடும். ஒரு பேச்சுல அண்ணாவா சாராங்குறதை விட அது எந்த இடத்துல மாறுதுங்குறதுதான் எனக்கு முக்கியமா படுது. முதல்லேந்து கடைசி வரைக்கும் மேடம்னே பேசுற கடைக்காரர் குளிர்ச்சியான ஆளா தெரியலாம், ஆனா ரிட்டர்ன்னு கேட்டப்பவும் அவர் அதே குரல்லதான் பேசுவார். முதல்லேந்து கடைசி வரைக்கும் அக்கான்னே பேசி, சரிக்கா அனுப்பிடுங்க வேற மாத்தித் தர்றேன்னு சொல்றவங்களும் இருக்காங்க, வீட்லேந்து சின்னதா வியாபாரம் பண்றவங்கள்ல அந்த மாதிரி ஆளுங்க நெறையவே உண்டு, ஒரு கஸ்டமர் போனா பத்து பேர் போவாங்கன்னு அவங்களுக்குத் தெரியும். அவங்க சொல்ற அக்காவை நான் சந்தேகப்பட மாட்டேன்.

கடன் வசூல்ல இந்த மாற்றம் இன்னும் பச்சையா தெரியும். லோன் குடுக்குறப்ப சார், உங்களுக்கு ப்ரீ அப்ரூவ்டு சார். இஎம்ஐ ஒரு வாரம் தள்ளிப்போனா சார் போய் வெறும் பேர். அதுக்கப்புறம் ஒருமை. பேருக்குப் பின்னாடி சார் காணாமப் போன அன்னைக்கே அந்த சாட்டை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைக்க ஆரம்பிக்கிறது நல்லது, ஏன்னா அடுத்து வர்றது மிரட்டலா இருந்தா அது எப்ப ஆரம்பிச்சுதுன்னு காட்ட ஆதாரம் வேணும். ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்ட்ல போட்ட சுற்றறிக்கையில பாக்கி கடனுக்காக காலைல 8 மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் 7 மணிக்கு மேலயும் கூப்பிடக் கூடாது, மிரட்டுற மாதிரியோ பொருத்தமில்லாத மாதிரியோ மெசேஜ் அனுப்பக் கூடாதுன்னு இருக்கு, இதுக்கு வங்கியும் பொறுப்பு, ஏஜென்ட் மேல மட்டும் தள்ளிவிட முடியாது.

லாஸ்ட் பீஸ்க்கும் அதே மாதிரி ஒண்ணு இருக்கு. 2023 நவம்பர் 30ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆன்லைன் வியாபாரத்துல செய்யக்கூடாத தந்திரங்கள்னு 13 வகையை வரிசைப்படுத்தி வழிகாட்டுதல் வெளியிட்டாங்க. அதுல முதல்ல இருக்குறதே பொய்யான அவசரம், சரக்கு இருந்தும் தீந்துபோகுதுன்னு காட்டுறது. வேணாம்னு சொல்றவங்களை கூச்சப்பட வைக்கிறதும் அதுல ஒண்ணு. இதெல்லாம் முக்கியமா ஆப், வெப்சைட் வச்சு வியாபாரம் பண்றவங்களை மனசுல வச்சு எழுதினது, பட்டனையும் ஸ்க்ரீனையும் பாக்குற சட்டத்துக்கு அக்காங்குற ஒரு வார்த்தை கண்ணுல படாது, படவும் தேவையில்லைன்னுதான் நினைக்கிறேன். ஆனா ஒரு ஆப்புல மூணு பேர் இதை இப்ப பாத்துட்டு இருக்காங்கன்னு சிவப்பு எழுத்துல வர்றதும், இன்னொரு அக்கா கேட்டுட்டே இருக்காங்கன்னு வாட்ஸப்ல வர்றதும் செய்யுற வேலை ஒண்ணுதான், சாட்ல அதுக்கு ஒரு மனுஷ முகம் இருக்கு, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த இன்னொரு அக்கா நிஜமா இருக்காங்களான்னு சோதிக்க ஒரு சுலபமான வழி இருக்கு: பரவாயில்ல, அவங்களுக்கே குடுத்துடுங்கன்னு சொல்லிப் பாருங்க. நிஜமா இருந்தா சரிக்கான்னு வரும். இல்லன்னா ரெண்டு நிமிஷத்துல அவங்க வேற கலர் எடுத்துட்டாங்கக்கான்னு வரும்.

ஊருக்கு ஊர் சொல்லும் மாறும், அதுவும் விக்கிறவங்களுக்குத் தெரியும். கோயம்புத்தூர், ஈரோடு பக்கம் சரிங்கண்ணா, ஆமாங்கன்னு ங்க எங்க பாத்தாலும் வரும், அது அங்க சாதாரணப் பேச்சு, அதை வச்சு கூடுதல் மரியாதைன்னு சென்னைக்காரர் குளிர்ந்து போயிடக்கூடாது. மதுரைப் பக்கம் அண்ணே. திருநெல்வேலியில மளிகைக் கடைக்காரர் அண்ணாச்சி. இலங்கைத் தமிழர் பேச்சுல அண்ணை. முஸ்லிம் வியாபாரிகளை பாய்னு கூப்பிடுறது எல்லா ஊர்லயும் இருக்கு, அவங்களுக்குள்ள நானா, லாத்தான்னு வேற முறை இருக்குற ஊர்களும் உண்டு. வெளிநாட்டுல இருக்குற நம்ம ஆளுங்களுக்கு விக்கிறப்ப அந்த ஊர் பேச்சை இங்கேந்து புடிச்சுப் பேசுறவங்களையும் பாக்கலாம். நம்ம ஊர்ச் சொல்லைக் கேட்டா கை தானா பர்ஸுக்குப் போகுது, அதுல தப்பு இல்ல, எதனால போகுதுன்னு தெரிஞ்சு போனா சரி.

இதே காது இன்னொரு இடத்துல காசைக் காப்பாத்தும். தெரிஞ்சவங்க அக்கவுன்ட்டை எவனோ கைப்பத்திட்டு காசு கேக்குற மோசடி இருக்கே, அதுல ஃபோட்டோ சரியா இருக்கும், பேர் சரியா இருக்கும், நம்பர்கூட சரியா இருக்கும். உங்களை மாமூலா டேய் மாப்ளன்னு கூப்பிடுற ஃப்ரெண்ட் திடீர்னு ஹாய் ப்ரோ ஒரு 5000 அர்ஜென்ட்டா வேணும், நாளைக்கு தந்துடுறேன்னு கேப்பான். உங்க சித்தி பொண்ணு எப்பவும் ண்ணான்னு தொங்கலா எழுதுறவ, அவ நம்பர்லேந்து ஹலோ சார்னு வரும். மோசடி பண்றவன் நூறு பேருக்கு ஒரே மெசேஜ் தட்டுறான், அதனால எல்லாருக்கும் பொருந்துற சொல்லா பாத்து போடுறான், ப்ரோ, டியர், சார். உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல மட்டும் இருக்குற அந்தக் கூப்பிடுற முறை அவனுக்கு சுலபத்துல கிடைக்காது. பழைய சாட் முழுசா அவன் கையில சிக்கி, அதைப் படிச்சுப் பாக்குற பொறுமையும் இருந்தா கிடைக்கும், அதனால இது பூட்டு இல்ல, ஒரு எச்சரிக்கை மணி. சொல் இடறுச்சுன்னா காசு அனுப்புறதுக்கு முன்னாடி ஃபோன் போட்டு குரலைக் கேளுங்க, அனுப்பிட்டீங்கன்னா உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு கூப்பிடுங்க, எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுறீங்களோ அவ்வளவு தூரம் பணம் கை மாறுறதுக்கு முன்னாடி நிறுத்த வாய்ப்பு இருக்கு.

விக்கிறவங்க அக்கான்னு இழுக்குறப்ப முகத்துல அடிச்ச மாதிரி மேடம்னு திருப்பிச் சொல்ல வேண்டியதும் இல்ல, அக்கான்னு பதிலுக்கு சொல்லி உறவுக்கணக்குக்குள்ள இறங்க வேண்டியதும் இல்ல. கூப்பிடுற சொல்லை மொத்தமா விட்டுட்டு வினையில மட்டும் மரியாதையை வச்சா போதும், தமிழ்ல அதுக்கு நல்லாவே இடம் இருக்கு. அந்த லாஸ்ட் பீஸ் மெசேஜுக்கு, அதைப் பகல் வெளிச்சத்துல வச்சு ஒரு வீடியோ அனுப்புங்க, கலர் மாறி வந்தா திருப்பி எடுத்துப்பீங்களான்னும் சொல்லிடுங்க, பாத்துட்டு காசு போடுறேன். இதுல அக்காவும் இல்ல மேடமும் இல்ல, குறையாவும் எதுவும் தெரியல. பதில் எப்படி வருதுன்னு பாருங்க. வீடியோ வந்தா நல்ல கடை. அக்கா நம்பிக்கை இல்லையாக்கான்னு வந்தா புடவையை அந்த இன்னொரு அக்காவே எடுத்துக்கட்டும்.